முதலில் இறுக வேண்டும், பின்னரே நெகிழ வேண்டும்

சென்ற தவணையில், விசையும் வேலையும் என்னும் பாடத்தை நாம் நடத்திக்கொண்டிருந்த வேளையிலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "சேர், எங்கள் அப்பம்மா காரின் முன் ஆசனத்தில் இருந்தால், பட்டி நெஞ்சை அழுத்துகிறது என்று குறைப்படுவார். அதனால் அப்பா பட்டியை வெளியே இழுத்துவிட்டு, அது மீண்டும் உள்ளே போகாதபடி தோளுக்கு மேலே ஒரு கவ்வியை மாட்டிவிடுவார். நெஞ்சுக்கும் பட்டிக்கும் இடையில் ஒரு மூடிய கை நுழையும். விபத்து நேரும்போது பட்டியைத் தளர்த்திவிடுவதற்கென்றே காரில் ஒரு கருவி இருக்கிறதாம். அப்படியானால், முன்கூட்டியே தளர்த்தி வைப்பதில் என்ன பிழை?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. அவன் சொன்ன கருவி இருப்பது மெய்யே. அதனை லோட் லிமிட்டர் என்பர். நாம் சுமைமட்டுப்படுத்தி என்று கூறுவோம். அதே பட்டியில் அதற்கு நேர்மாறான தொழிலைச் செய்யும் பிரிட்டென்சனர் என்னும் கருவியும் உண்டு. அதனை முன்னிறுக்கி எனலாம். ஒன்று இறுக்குகிறது, மற்றது நெகிழ்த்துகிறது. சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959ஆம் ஆண்டில் வொல்வோ கார்களுக்கு அமைத்துக் கொடுத்த மும்முனைப் பட்டியில் இவ்விரண்டும் இருக்கவில்லை. பின்வந்தோர் இவற்றை ஏன் சேர்த்தனர் என்பதை அறிந்தால், மாணவனுடைய ஐயமும் தீரும்.

அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்கை இங்கும் தருகிறோம். அமெரிக்காவிலே புதிய கார்களை மணிக்கு 56 கிலோமீற்றர் வேகத்தில் அசையாத சுவரொன்றில் மோதவிட்டுப் பரீட்சிப்பது வழக்கம். அவ்வேகம் செக்கனுக்கு 15.6 மீற்றர் ஆகும். மோதும் காரின் முன்பகுதி 60 சென்ரிமீற்றர் நசுங்கி நிற்கிறது எனக் கொள்வோம். அமர்முடுகல் மாறாதது என எளிமையாக வைத்துக்கொண்டால், கார் முற்றாக நிற்பதற்கு ஏறக்குறைய 77 மில்லிசெக்கன் செல்லும். அஃதாவது, ஒரு செக்கனின் பதின்மூன்றில் ஒரு பங்கு. கண் இமைத்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

காரின் மூக்கு நசுங்கத் தொடங்கியதும் கார் வேகங் குறைகிறது. ஆனால் உள்ளே இருப்பவரின் உடலுக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை. பட்டி உடலைப் பற்றும் வரைக்கும் அது பழைய வேகத்திலேயே முன்னே செல்கிறது. பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையே 8 சென்ரிமீற்றர் வெளி இருக்குமாயின், அதனைக் கடக்க 28 மில்லிசெக்கன் வேண்டும். அதற்குள் காரின் முன்பகுதி 36 சென்ரிமீற்றர் நசுங்கித் தீர்ந்துவிடுகிறது! எஞ்சியிருப்பது 24 சென்ரிமீற்றர் மாத்திரமே. அந்த நொடியிலே உடல், காரைக் காட்டிலும் மணிக்கு 20 கிலோமீற்றர் கூடிய வேகத்தில் பட்டியின்மேல் விழுகிறது.

இடைவெளி ஒரு தட்டையான உள்ளங்கை நுழையுமளவு, அஃதாவது 2 சென்ரிமீற்றர் மாத்திரம் இருந்தாலோ, பட்டி 14 மில்லிசெக்கனில் உடலைப் பற்றிவிடும். அப்பொழுது நசுங்குவதற்கு இன்னும் 40 சென்ரிமீற்றர் மீதமிருக்கும். அந்த 40 சென்ரிமீற்றரையும் உடல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்தலாம். காரினுள்ளே உடல் முன்னே நகர மொத்தம் 30 சென்ரிமீற்றர் இடமுண்டு என வைத்து இரு நிலைகளையும் ஒப்பிட்டோம். உள்ளங்கை நுழையும் பட்டியில் உடல் தாங்கவேண்டிய அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 18 மடங்கு. மூடிய கை நுழையும் பட்டியில் அது 27 மடங்கு. சட்டைக்கு மேலே ஆறு சென்ரிமீற்றர் தளர்வு, உடல் தாங்கும் சுமையை ஒன்றரை மடங்காக்கிவிட்டது.

இந்தத் தளர்வை விபத்தின் முதற் கணத்திலேயே விழுங்கிவிடுவதுதான் முன்னிறுக்கியின் தொழில். பட்டி சுற்றப்பட்டிருக்கும் உருளையோடு, அல்லது இடுப்பருகேயுள்ள கொளுக்கியோடு, ஒரு சிறு உலோகக் குழாய் இணைக்கப்பட்டிருக்கிறது. அதனுள்ளே சிறிதளவு வெடிமருந்து இருக்கும். மோதலை உணர்ந்த மின் கருவி 10 முதல் 15 மில்லிசெக்கனுக்குள் அதனை எரியவைக்கிறது. பிறக்கும் வாயு ஓர் உந்துதண்டையோ வரிசையான உருண்டைகளையோ தள்ள, உருளை பின்னோக்கிச் சுழன்று சில சென்ரிமீற்றர் பட்டியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவும் நடக்கச் செல்லும் காலம் இன்னுமொரு பத்து மில்லிசெக்கன் அளவே.

இங்கே பலர் மயங்குவதுண்டு. பட்டியைச் சடுதியாக இழுத்தால் அது பூட்டிக்கொள்வதைக் காண்கிறோம். அது பழைய பட்டிகளிலும் உள்ள பூட்டு. மேலும் வெளியே போகாதபடி பட்டியை அது தடுக்கும், உள்ள தளர்வை நீக்காது. தளர்வை நீக்குவது முன்னிறுக்கி ஒன்றே. அதற்கும் எல்லையுண்டு. உடல் முழுப் பாரத்துடன் பட்டியிற் சாய்ந்தபின் அதனைப் பின்னே இழுக்கும் வலிமை அதற்கில்லை. இழுக்கும் நீளமும் அளவானதே. மாணவனின் தந்தையார் மாட்டிய கவ்வியோ, உருளை இழுக்க முயலும் பட்டியைத் தோளருகே தடுத்து நிறுத்திவிடக்கூடும்.

இனிச் சுமைமட்டுப்படுத்திக்கு வருவோம். இறுகிய பட்டி உடலைப் பற்றிக்கொண்டபின், அதிலுள்ள இழுவை விரைவாக ஏறுகிறது. எல்லையின்றி ஏறவிட்டால் பட்டி விலா எலும்புகளை முறித்துவிடும். முதியோரின் எலும்புகள் எளிதில் முறிவன. ஆதலால் உருளையின் நடுவே முறுகக்கூடிய ஓர் உருக்குத் தண்டை வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு முனை பூட்டோடும் மறுமுனை உருளையோடும் பொருந்தியிருக்கும். தோட்பட்டியின் இழுவை குறித்த அளவை, பல கார்களில் ஏறக்குறைய 4 கிலோநியூற்றனை, எட்டியதும் தண்டு முறுகத் தொடங்குகிறது. உருளை மெல்லச் சுழன்று பட்டியை வெளியே விடுகிறது. ஆயினும் இழுவை குறைந்துவிடுவதில்லை. அதே 4 கிலோநியூற்றனில் நிலைத்து நிற்கிறது.

மாணவனுடைய கேள்விக்கு விடை இந்த ஒரு வாக்கியத்திலேதான் அடங்கியிருக்கிறது. வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது என்று நாம் படிப்பிக்கிறோம். தண்டு முறுகி 8 சென்ரிமீற்றர் பட்டி வெளியே போகுமாயின், 4000 நியூற்றனை 0.08 மீற்றரால் பெருக்க 320 யூல் சத்தி அந்த உருக்கிலே செலவாகிவிட்டது. அவ்வளவும் விலா எலும்புக்குச் செல்லாத சத்தி. கவ்வி மாட்டிய பட்டியிலும் உடல் அதே 8 சென்ரிமீற்றர் தூரம் முன்னே செல்கிறது. ஆனால் அங்கே விசை பூச்சியம்; ஆகவே செலவான சத்தியும் பூச்சியம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே நெகிழ்ச்சி. ஒன்று விலைகொடுத்து வாங்கியது, மற்றது வீணே எறிந்தது.

இவ்விரு கருவிகளுக்கும் துணையாக மூன்றாவதாய் வருவது காற்றுப்பை. 1981இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் தனது உயர்தரக் காரிலே சாரதிக்குக் காற்றுப்பையையும் அருகில் இருப்பவருக்கு முன்னிறுக்கியையும் அளித்த காலம் முதல், இவை ஒரே குடும்பமாக வளர்ந்து வந்தன. நாம் எடுத்த மோதலைப் போன்ற ஒன்றில், காற்றுப்பைக்கு 15 முதல் 20 மில்லிசெக்கனளவில் கட்டளை செல்கிறது. அது விரிந்து நிரம்ப இன்னும் 30 மில்லிசெக்கன் வேண்டும். ஆக, ஏறக்குறைய 50ஆம் மில்லிசெக்கனில் பை நிரம்பி, பின்புறத் துளைகள் வழியே காற்றை வெளிவிடத் தொடங்கும். அவ்வேளையிலே தலையும் நெஞ்சும் அதனை வந்து தொடவேண்டும். சுமைமட்டுப்படுத்தி நெஞ்சைச் சற்று முன்னே விடுவதும், அதனை ஏற்க அங்கே பை காத்திருக்கிறது என்னும் நம்பிக்கையிலேதான்.

தளர்ந்த பட்டி இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. நமது கணக்கின்படி, பை நிரம்பும் நேரத்தில் தளர்ந்த பட்டியினர் மற்றவரைவிட ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் முன்னே வந்துவிடுவார். மிக விரைவாக வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் பையை, அது மெத்தையாக மாறுமுன்னரே, முகம் சந்திக்க நேரலாம். அதன்பின் பட்டி நெகிழ்வதற்கும் போதிய இடமிராது. தலை பையைத் துளைத்துப் பின்னாலுள்ள கடினமான பொருளைத் தொடக்கூடும். இடுப்புப் பட்டி தளர்ந்திருந்தாலோ, அது இடுப்பெலும்பைவிட்டு மேலேறி, எலும்பில்லாத வயிற்றை அறுக்கும்.

ஆகவே, பட்டியின் கீழ்ப்பகுதியை வயிற்றின்மேல் அன்றி இடுப்பெலும்பின்மேல் தாழ்த்தி வைத்து, பின்னர் தோட்பகுதியை மேல்நோக்கி இழுத்து உருளைக்குள் விடவேண்டும். தடித்த மேலங்கியை நீக்கிவிட்டே பட்டியைக் கொளுவுதல் நன்று. பட்டி கழுத்தை உராய்வதாலேயே அழுத்துவதாகத் தோன்றினால், பல கார்களில் தூணிலுள்ள மேற்கொளுவியை உயர்த்தவோ தாழ்த்தவோ முடியும். ஆசனத்தை உயர்த்தியும் பார்க்கலாம்.

நமது நாட்டில் ஓடும் கார்களிற் பல பிறநாட்டில் ஓடியபின் வந்தவை என்பதால் இன்னுமொன்று சொல்லவேண்டும். முன்னிறுக்கியும் முறுக்குத் தண்டும் ஒருமுறைக்கே பயன்படுவன. ஒருமுறை வெடித்தபின் பட்டி உள்ளே சுருளாது இறுகி நிற்கலாம்; கொளுக்கி தன் இடத்தினின்றும் தாழ்ந்து கிடக்கலாம். காரை முடுக்க முயலும்போது காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு சில செக்கன்கள் எரிந்து அணையவேண்டும். அணையாது நின்றாலும் பிழை. எரியவே இல்லையென்றாலும் பிழை, ஏனெனில் விளக்கை எவரேனும் அகற்றியிருக்கக்கூடும்.

அன்று பாடம் முடிந்தபின் மாணவன் ஒன்றும் பேசாது கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனான். அடுத்த வாரம், "சேர், கவ்வியைக் கழற்றிவிட்டோம். தூணிலுள்ள கொளுவியை இரண்டு படி கீழிறக்கினோம், அப்பம்மாவுக்கு இப்பொழுது கழுத்து நோகவில்லையாம்" என்றான்.