நல்லபடி ஓடிய நாட்களை மட்டும் படித்த சில்லு

பேரிங் கெட்ட மோட்டாரைக் கண்டுபிடிக்க ஃபிட்டர்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பார்கள். கரகரவென்று கேட்டால் பேரிங் போய்விட்டது. ஆனால் காதுக்குக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் மிச்ச ஆயுள் கொஞ்சம்தான். அதற்குச் சில நாட்கள் முன்பே, கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அதைக் கேட்டுச் சொல்ல முடியுமா?

முடியும் என்பதைக் காட்ட நல்ல பதிவு ஒன்று இருக்கிறது. 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு மையத்தினர் ஒரு ஷாஃப்டில் நான்கு பேரிங்குகளை மாட்டி, மோட்டாரும் பெல்ட்டும் வைத்து நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடவிட்டார்கள். ஷாஃப்டின் மேல் ஏறக்குறைய 2,700 கிலோ சுமை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விநாடி அதிர்வு பதிவானது; ஒவ்வொரு பதிவிலும் 20,480 அளவீடுகள். ஏழாம் நாள் நிறுத்தியபோது 984 பதிவுகள் சேர்ந்திருந்தன. முதல் பேரிங்கின் வெளி வளையம் பெயர்ந்திருந்தது. யாரும் வேண்டுமென்று பள்ளம் தோண்டவில்லை. தானாகவே தேய்ந்து கெட்டது. அதனால்தான் நமக்கு இது உதவுகிறது.

கெடுதல் எப்படித் தொடங்குகிறது? சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வளையத்தின் பரப்புக்குச் சற்றுக் கீழே எஃகு களைத்து, நுண்விரிசல் விட்டு, சின்னச் சில்லாகப் பெயர்ந்து வருகிறது. அந்தப் பள்ளத்தின் மேல் ஒவ்வோர் உருளையும் ஏறி இறங்கும்போது ஓர் அடி விழும். அடி மிகச் சிறியது. ஆனால் வெண்கல மணியைத் தட்டினால் அது தன் சுருதியில் ரீங்கரிப்பதுபோல, ஹவுசிங்கும் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஒரு கணம் ரீங்கரித்து அடங்கும். அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்.

விநாடிக்கு எத்தனை அடி என்பதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். இந்தப் பேரிங்கில் ஒரு வரிசைக்கு 16 உருளைகள். ஷாஃப்ட் விநாடிக்கு 33.3 சுற்று சுற்றும்போது, உருளைகளைத் தாங்கும் கூண்டு அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 14.8 சுற்றுதான் சுற்றுகிறது. அசையாமல் இருக்கும் வெளி வளையத்தில் ஓரிடத்தை விநாடிக்கு 14.8 பெருக்கல் 16, அதாவது சுமார் 236 உருளைகள் கடக்கும். பழுது வெளி வளையத்தில் என்றால் விநாடிக்கு 236 அடி. உள் வளையத்தில் என்றால் சுமார் 297. உருளைகள் லேசாக வழுக்குவதால் நிஜத்தில் இந்த எண் ஓரிரு சதவீதம் விலகும்.

இந்த எண்களே போதுமே, மாடல் எதற்கு என்று தோன்றலாம். ஆலையில் எந்த மோட்டாருக்குள் எந்தக் கம்பெனி பேரிங், எத்தனை உருளை என்பது பல சமயம் யாருக்கும் தெரியாது. ரீவைண்டிங்குக்குப் போய் வந்த மோட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். அதைவிடப் பெரிய சிக்கல், கெட்டுப்போன மோட்டாரின் அதிர்வுப் பதிவு நம் கையில் இருக்காது. நல்லபடி ஓடிய பதிவு மட்டும் வேண்டிய அளவு கிடைக்கும். ஆகவே மாடலுக்கு நலத்தை மட்டும் கற்றுக்கொடுத்து, அதிலிருந்து விலகினால் கூப்பிடச் சொல்கிறோம்.

சின்சினாட்டி பதிவை வைத்தே செய்து பார்ப்போம். ஒரு பதிவு சில்லுக்குள் 40 கிலோபைட் இடம் பிடிக்கும். 128 கிலோபைட் ரேம் உள்ள எஸ்டிஎம்32 வகைச் சில்லுக்கு இது தாங்கும். அதை 1,024 அளவீடுகள் கொண்ட 20 துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று பிரித்து, இருபதுக்கும் சராசரி எடுக்க வேண்டும். பூஜ்யம் முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தப் பரப்பை 32 பட்டைகளாக்கி, ஒவ்வொரு பட்டையின் ஆற்றலுக்கும் மடக்கை எடுத்தால் 20,480 எண்கள் 32 எண்களாகச் சுருங்கிவிடும்.

மாடலின் வேலை விசித்திரமானது. அந்த 32 எண்களை வாங்கி, 16 ஆக்கி, நான்கே எண்களாக நசுக்கி, பிறகு மறுபடி 16, 32 என்று விரித்து, வாங்கியதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு 1,220 எடைகள் போதும். எடைக்கு ஒரு பைட் என்றால் மொத்தமே ஏறக்குறைய 1.2 கிலோபைட். முதல் இரண்டு நாள் பதிவுகளைக் கொண்டு கணினியில் பயிற்றுவித்து, எடைகளை மட்டும் சில்லில் ஏற்றலாம். நான்கு எண்களின் இடுக்கு வழியே எல்லாவற்றையும் கடத்த முடியாது என்பதால், மாடல் நலமான அதிர்வின் சாயலை மட்டுமே பழகிக்கொள்கிறது. புதிதாக ஏதோ பட்டையில் ஆற்றல் கூடினால் அதைத் திருப்பி வரையத் தெரியாது. பிழை ஏறும். மூன்றாம் நாள் பதிவுகளில் பிழை எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து அதற்குச் சற்று மேலே எச்சரிக்கைக் கோட்டை வைக்கலாம். தொடர்ந்து மூன்று பதிவுகள் கோட்டைத் தாண்டினால்தான் விளக்கு எரிய வேண்டும். பக்கத்தில் யாரோ இரும்பைப் போட்டதற்கெல்லாம் எரியக்கூடாது.

இந்தப் பேரிங்கின் பதிவில் மாற்றம் தலைகாட்டுவது நான்காம் நாளில். ஓட்டம் நின்றதோ ஏழாம் நாளில். விளக்கு எரிந்த பிறகு ரீங்காரத்தின் மேலுறையை மட்டும் தனியே எடுத்து, அது விநாடிக்கு எத்தனை முறை எழுகிறது என்று பார்த்தால் 236க்கு அருகே வருகிறதா என்று தெரியும். ஏதோ மாறிவிட்டது என்பது வரைதான் மாடல் சொல்லும். என்ன மாறியது என்பதற்கு இந்தப் பழைய கணக்குதான் வேண்டும்.

நடைமுறையில் இந்த முயற்சிகள் தோற்பது பெரும்பாலும் மாடலால் அல்ல, உணரியால் என்பது என் கணிப்பு. கல்லூரி புராஜெக்டுகளில் எல்லோரும் வாங்கும் எம்பியூ-6050 உணரி, அதிர்வை விநாடிக்கு 1,000 முறைதான் தருகிறது. அதில் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உருப்படியாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் எழும் ரீங்காரத்துக்கு அது செவிடு. இயந்திர அதிர்வுக்கென்றே வரும், 6,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் உணரிகள் வேண்டும். அதையும் விசிறி மூடியில் ஒட்டினால் வீண். பேரிங் ஹவுசிங்கில் துளையிட்டுத் திருகாணியால் இறுக்க வேண்டும். வேகத்தை மாற்றும் டிரைவ் உள்ள மோட்டாரில் வேகம் மாறும்போதெல்லாம் பிழை எகிறும் என்பதால், பயிற்சியிலேயே எல்லா வேகமும் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பதிவெடுக்க வேண்டும்.

இன்னொரு பொறி அதே ஏழு நாள் பதிவிலேயே இருக்கிறது. ஏறிக்கொண்டே போன அதிர்வு நடுவில் கொஞ்சம் இறங்குகிறது. பேரிங் குணமாகவில்லை, பள்ளத்தின் கூரான விளிம்பை உருளைகள் மிதித்து மழுங்கடித்துவிட்டன, அவ்வளவுதான். பள்ளம் பெரிதானதும் மறுபடி ஏறுகிறது. அதனால் ஒருமுறை எரிந்த விளக்கைத் தானாக அணையவிடக்கூடாது, ஆள் வந்து பார்த்துத்தான் அணைக்க வேண்டும். நாள்தோறும் புதுப் பதிவுகளைக் கொண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் மாடலையும் இங்கே வைக்கக்கூடாது. பள்ளம் மெல்ல வளர்ந்தால், அது பள்ளத்தையும் நலம் என்றே படித்துக்கொள்ளும்.