சொந்தச் செலவில் சூனியம்

அக்கி கண்டவருக்கு டாக்டர் எழுதித் தரும் சீட்டைப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கணக்குப் போட்டால் தினமும் நான்கு கிராம். இவ்வளவு மருந்தா என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மாத்திரையில் இருக்கும் பொருள், இருக்கிறபடியே, வைரஸை ஒன்றும் செய்யாது. மனித செல்லையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதை நஞ்சாக்குவது வைரஸேதான்.

அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸ். சிறுவயதில் அம்மை போட்டு இறங்கிய பிறகும் அது உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேர்முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, வயதான பின் ஒரு நாள் அந்த நரம்பு ஓடும் பாதையிலேயே கொப்புளமாக வெடிக்கிறது. உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளத்துக்கும், பிறப்புறுப்பில் வரும் புண்ணுக்கும் காரணமான ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. வைரஸ் பெருக வேண்டுமென்றால் புதிய டிஎன்ஏ கட்ட வேண்டும். அதற்கான கட்டுமானப் பொருள்களைப் பிரிந்து பெருகும் செல்கள் தாராளமாகத் தயாரித்து வைத்திருக்கும். நரம்புச் செல்லோ பிரிவதே இல்லை. அங்கே டிஎன்ஏ கட்டும் வேலை இல்லை, அதனால் சரக்கும் குறைவு. வறண்ட ஊருக்குக் குடிபோகிறவன் தண்ணீர் லாரியோடு போவதைப் போல, ஹெர்ப்பிஸ் தனக்கென்று ஒரு நொதியைத் தயாரிக்கும் குறிப்பைத் தன் மரபணுவிலேயே வைத்திருக்கிறது. அதன் பெயர் தைமிடின் கைனேஸ். தைமிடின் என்ற பொருளின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவதுதான் அதன் வேலை. பாஸ்பேட் ஒட்டினால்தான் அந்தப் பொருள் டிஎன்ஏ கட்ட உதவும்.

மனித செல்லிலும் இதே வேலையைச் செய்யும் நொதி உண்டு. ஆனால் அது கண்டிப்பான ஆள், முன்னால் வருவது தைமிடின்தானா என்று பார்த்துத்தான் ஒட்டும். வைரஸின் நொதி அப்படியில்லை. ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும், முத்திரை குத்தி அனுப்பிவிடும். அசைக்ளோவிர் தைமிடினே அல்ல, குவானோசின் என்ற வேறொரு பொருளின் சாயலில் செய்யப்பட்டது. குவானோசினில் இருக்கும் சர்க்கரை வளையத்தை அறுத்து, ஒரு சிறு வால் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். வளையம் இல்லாதது என்பதுதான் பெயரின் பொருளும். மனித நொதி இதைத் தொடுவதில்லை. வைரஸின் நொதி தொடுகிறது.

முதல் பாஸ்பேட் ஒட்டியதும் மூலக்கூறு மின்னேற்றம் பெறுகிறது. இனி செல்லின் சவ்வைத் தாண்டி எளிதில் வெளியேற முடியாது. அடுத்த இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டுவது நம் செல்லின் சொந்த நொதிகள். முதல் முத்திரை விழுந்த சரக்கை அவை சந்தேகப்படுவதில்லை. இப்படி மூன்று பாஸ்பேட் சேர்ந்த பிறகுதான் அசைக்ளோவிர் ஆயுதமாகிறது. வைரஸ் புகுந்த செல்லில் இந்த ஆயுதம், புகாத செல்லில் இருப்பதைவிட 40 முதல் 100 மடங்கு அதிகம் சேர்கிறது.

இனி டிஎன்ஏ கட்டும் இடம். ரயில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். அசைக்ளோவிர் முன்பக்கக் கொக்கி மட்டும் உள்ள பெட்டி. வைரஸின் கட்டுமான நொதி அதை உண்மையான பெட்டி என்று நம்பி இணைத்துவிடும். அடுத்த பெட்டியை மாட்டப் பார்த்தால் பின்பக்கம் கொக்கி இல்லை. வால் மட்டும்தானே இருக்கிறது! சங்கிலி அங்கேயே அறுகிறது. அதோடு கட்டுமான நொதியும் அந்த முனையில் சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நின்றுவிடுகிறது. மனித டிஎன்ஏ கட்டும் நொதி இந்தப் போலிப் பெட்டியை அவ்வளவு சுலபத்தில் ஏற்பதில்லை. ஆக இரண்டு பூட்டு. இரண்டையும் திறக்கும் சாவி வைரஸிடம்தான் இருக்கிறது.

1970-கள் வரை, செல்லைக் கொல்லாமல் வைரஸைக் கொல்ல முடியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அப்போதிருந்த ஐடாக்ஸுரிடின் நச்சுத்தன்மை காரணமாகக் கண்ணில் விடும் சொட்டு மருந்தோடு நின்றுபோனது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஹோவர்ட் ஷேஃபர் உருவாக்கிய அசைக்ளோவிர் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது என்பதை கெர்ட்ரூட் எலியனின் குழு 1977-இல் விளக்கியது. எலியன் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையை ஹெர்ப்பிஸ் தாக்கினால் மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை இறந்த காலம் அது. நரம்பு வழியே செலுத்திய அசைக்ளோவிர் அதை 28 ஆகக் குறைத்ததாக 1986-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சரி, அந்த நான்கு கிராம்? விழுங்கும் அசைக்ளோவிரில் ஐந்தில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போனாலே அதிகம். மிச்சம் குடல் வழியே போய்விடும். போனதும் மூன்று மணி நேரத்தில் பாதி வெளியேறுகிறது, அதனால்தான் ஐந்து வேளை. தவிர, அக்கி வைரஸை அடக்க ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்கு வேண்டியதைவிடக் கூடுதல் மருந்து வேண்டும். உதட்டுக் கொப்புளத்துக்கு 200 மில்லிகிராம் எழுதும் டாக்டர் அக்கிக்கு 800 எழுதுவது இதனால்தான். கொப்புளம் கண்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம். வைரஸ் மும்முரமாகப் பெருகும்போதுதான் அந்த நொதி நிறைய இருக்கும். காவியைக் குழைத்து அக்கி எழுதிவிட்டு நான்காவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், மருந்துக்கு வேலை கொடுக்க வேண்டிய நொதி ஓய்ந்திருக்கும்.

பாதுகாப்பானது என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு என்று பொருளல்ல. இந்த மருந்தை உடம்பு பெரும்பாலும் மாற்றாமல் சிறுநீரில் தள்ளுகிறது. சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுபோனவரிடம் மூன்று மணி நேரக் கணக்கு இருபது மணி நேரத்தை நெருங்கும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு முதியவருக்கு அக்கி வந்து, யாரும் கவனிக்காமல் 800-ஐ ஐந்து வேளை கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், ஆள் மாறிப் பேசுவார், இல்லாதவர்கள் வந்து நிற்பதாகச் சொல்வார். அக்கி மூளைக்கு ஏறிவிட்டது என்று வீட்டார் பதறி, மருந்தைக் கூட்டச் சொல்வார்கள். காய்ச்சல் இல்லாமல் குழப்பம் மட்டும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தை. டயாலிசிஸ் செய்தால் அது ரத்தத்திலிருந்து இறங்கும், ஆளும் தெளிவார். இவருக்கு எழுதியிருக்க வேண்டியது 800 மில்லிகிராம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நரம்பில் செலுத்தும்போது வேறொரு ஆபத்து. வேகமாக ஏற்றினால், உடம்பில் நீர் குறைவாக இருந்தால், மருந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படியும். ஒரு மணி நேரம் பிடித்து மெதுவாக ஏற்றுவதும் நிறைய நீர் கொடுப்பதும் அதற்காகத்தான்.

இந்தத் தந்திரத்துக்கு எட்டாத இடமும் உண்டு. நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸ் அந்த நொதியைத் தயாரிப்பதில்லை. அங்கே அசைக்ளோவிர் வெறும் மாத்திரையாகவே வந்து போகும். எனவே கொப்புளம் ஆறும், வைரஸ் போகாது.

வைரஸ் தப்பிக்க நினைத்தால் வழி எளிது. தைமிடின் கைனேஸைத் தூக்கி எறிந்துவிடலாம். எதிர்ப்பு பெற்ற வைரஸ்களில் பெரும்பாலானவை செய்திருப்பது இதைத்தான். எதிர்ப்புசக்தி மிகக் குறைந்தவர்களிடம், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களிடம், எச்ஐவி முற்றியவர்களிடம் இது தென்படுகிறது. கொப்புளம் மருந்துக்கு மசியாமல் வாரக்கணக்கில் பரவினால் டாக்டர்கள் ஃபாஸ்கார்னெட்டுக்கு மாறுவார்கள். அதற்கு எந்த முத்திரையும் தேவையில்லை, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். நல்ல எதிர்ப்புசக்தி உள்ளவர்களிடம் இந்த எதிர்ப்பு அபூர்வம். நொதியை எறிந்த வைரஸ் தோலில் பெருகிவிடும், நரம்புக்குள் தூக்கத்திலிருந்து எழத்தான் திண்டாடும். அதனால் மறுமுறை அதே ஆளுக்குக் கொப்புளம் வரும்போது எழுந்து வருவது பெரும்பாலும் நொதியை எறியாத பழைய வைரஸே. அதற்கு அசைக்ளோவிர் மறுபடி கேட்கிறது.