நான்கு கேள்விகளும் ஒரே திசையில் போகின்றனவா?

அமெரிக்க சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க், நியூயார்க் மாநிலத்தின் 10 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 5,024 மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்துத் தன்மதிப்பை அளந்தார். 1965-இல் வெளியான அந்த அளவுகோலில் பத்தே வாக்கியங்கள். ஐந்து வாக்கியங்கள் தன்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசும், மற்ற ஐந்து தன்னைக் குறைத்துப் பேசும். ஒவ்வொன்றுக்கும் ‘முழுக்க ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ‘சுத்தமாக ஒப்புக்கொள்ளவில்லை’ என்பது வரை நான்கு விடைகள். இன்றும் உளவியல் ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் அளவுகோல் இது. பத்து விடைகளுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், அதுவே அந்த மாணவரின் தன்மதிப்பு எண்.

அந்தக் ‘கூட்டினால்’ என்ற இடத்தில்தான் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. பத்து வாக்கியங்களும் ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றன என்று நம்பினால் மட்டுமே அவற்றைக் கூட்டுவதில் பொருளுண்டு. உயரத்தையும் எடையையும் வயதையும் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும், ஆனால் அது எதையும் சொல்லாது. கேள்விகள் உண்மையிலேயே சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்ப்பதை உள்ளிசைவுச் சோதனை என்கிறார்கள். அதற்கு மிகப் பரவலாகக் கையாளப்படும் நம்பகத்தன்மைக் கெழு, கிரான்பாக் ஆல்பா. லீ கிரான்பாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951-இல் எழுதிய கட்டுரையால் அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சரி, தவறு என்று இரண்டே விடைகள் உள்ள தேர்வுகளுக்கு இதே கணக்கை கூடரும் ரிச்சர்ட்சனும் 1937-லேயே கொடுத்துவிட்டார்கள்.

சூத்திரத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஐந்து மாணவர்களும் நான்கு வாக்கியங்களும் இருந்தால் காகிதத்திலேயே போட்டுவிடலாம். தேர்வு பயத்தை அளக்க இப்படி நான்கு வாக்கியங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று: கேள்வித்தாளை வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறது. இரண்டு: தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வருவதில்லை. மூன்று: படித்ததெல்லாம் தேர்வு அறையில் மறந்துபோகிறது. நான்கு: தேர்வு நாளிலும் மனம் அமைதியாக இருக்கிறது. சுத்தமாக ஒப்பாதவருக்கு 1, முழுக்க ஒப்புபவருக்கு 5. கீழே இருப்பவை கணக்கு புரிவதற்காக அமைத்த எண்கள்.

| மாணவர் | கேள்வி 1 | கேள்வி 2 | கேள்வி 3 | கேள்வி 4 |
|---|---|---|---|---|
| அ | 5 | 4 | 5 | 2 |
| ஆ | 4 | 5 | 3 | 2 |
| இ | 3 | 3 | 3 | 3 |
| ஈ | 2 | 2 | 3 | 4 |
| உ | 1 | 1 | 1 | 4 |

நான்காவது வாக்கியம் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. பயம் அதிகமுள்ளவர் அதற்குக் குறைந்த எண்தான் கொடுப்பார். எனவே கூட்டுவதற்கு முன் அதைத் திருப்ப வேண்டும்: 6-இலிருந்து விடையைக் கழித்தால் 2 என்பது 4 ஆகும், 4 என்பது 2 ஆகும், 3 அப்படியே நிற்கும். திருப்பிய பிறகு ஐந்து பேரின் மொத்தம் 18, 16, 12, 9, 5.

இனி வேண்டியது பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் விலக்க வர்க்கச் சராசரி. விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. சராசரியிலிருந்து ஒவ்வொரு விடையும் விலகும் தூரத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, இங்கே 4-ஆல், வகுக்க வேண்டும். கேள்வி வாரியாக அது 2.5, 2.5, 2, 1 என வருகிறது. கூட்டினால் 8. மொத்த மதிப்பெண்களுக்குத் தனியாகப் போட்டால் 27.5.

ஆல்பாவின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது. கேள்விகளுக்குள் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், ஒருவர் ஒன்றில் வாங்கும் அதிக எண்ணை இன்னொன்றில் வாங்கும் குறைந்த எண் சரிக்கட்டிவிடும். அப்போது மொத்தத்தின் சிதறலும் 8 அளவிலேயே நின்றுவிடும். மாறாக, நான்கு கேள்விகளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே நகர்ந்தால் பயந்தவர் எல்லாவற்றிலும் மேலே போவார், பயப்படாதவர் எல்லாவற்றிலும் கீழே போவார், மொத்தத்தின் சிதறல் நான்கு மடங்காகி 32-ஐத் தொடும். நமக்குக் கிடைத்த 27.5 அந்த உச்சத்துக்கு அருகில் இருக்கிறது. எவ்வளவு அருகில் என்பதை 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணாக மாற்றிக் கொடுப்பதே சூத்திரத்தின் வேலை:

```
α = k/(k−1) × (1 − 8/27.5)
  = 4/3 × 0.709
  = 0.95
```

இதில் k என்பது கேள்விகளின் எண்ணிக்கை. 4/3 என்ற பெருக்கல் எதற்கு? உச்ச நிலையில்கூட 8/32, அதாவது கால் பங்கு, கழிந்துபோகும். மீதமுள்ள முக்காலை முழு ஒன்றாக்கத்தான் 4/3 தேவைப்படுகிறது.

இப்போது நான்காவது கேள்வியைத் திருப்ப மறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இத்துறையில் தொடக்கநிலையினர் எளிதில் செய்துவிடக்கூடிய தவறு இது. மொத்தங்கள் 16, 14, 12, 11, 7 ஆகச் சுருங்குகின்றன, அவற்றின் சிதறல் 27.5-இலிருந்து 11.5-க்கு விழுகிறது. கேள்விகளின் சிதறலோ அதே 8. ஆல்பா 0.41. மாணவர்கள் மாறவில்லை, விடைகள் மாறவில்லை, ஒரு கழித்தல் விடுபட்டது மட்டும்தான் காரணம்.

அடுத்து வருவதுதான் ஆபத்தான இடம். புள்ளியியல் மென்பொருள்கள் ஆல்பாவோடு இன்னொரு பட்டியலும் தரும்: எந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்பா எவ்வளவு ஆகும் என்ற பட்டியல். நம் எடுத்துக்காட்டில் நான்காவது கேள்வியை நீக்கினால் 0.93 என்று அது காட்டும். 0.41-இல் தவித்துக்கொண்டிருப்பவருக்கு இது வரம்போலத் தெரியும். கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு அறிக்கை எழுதப் போய்விடுவார். ஆனால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. திருப்பியிருந்தால் 0.95 கிடைத்திருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவைப் பார்க்க வேண்டும். திருப்பாத நான்காவது கேள்விக்கு அது −0.93. தரமில்லாத கேள்வியாக இருந்தால் இந்த எண் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். இவ்வளவு வலுவான எதிர்மறை எண், கேள்வி சரியாகத்தான் வேலை செய்கிறது, திசைதான் தலைகீழ் என்பதற்கு அடையாளம். ஆர் மென்பொருளில் psych தொகுப்பைக் கொண்டு இரண்டே வரியில் இதைச் சரிசெய்யலாம்:

```r
df$q4 <- 6 - df$q4
psych::alpha(df)
```

எண் கிடைத்ததும் எழும் கேள்வி, எவ்வளவு இருந்தால் போதும் என்பது. 0.70 என்று ஆய்வு மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஜம் நன்னலி 1978-இல் வெளியிட்ட பதிப்பு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அவர் அதை எல்லாவற்றுக்குமான தேர்ச்சி மதிப்பெண்ணாகச் சொல்லவில்லை. ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்கு 0.70 போதும், அடிப்படை ஆய்வுக்கு 0.80 வேண்டும், தனி மனிதர் ஒருவரைப் பற்றிய முடிவு அந்த எண்ணைச் சார்ந்திருந்தால் 0.90 குறைந்தபட்சம், 0.95 இருந்தால்தான் நிம்மதி என்று படிப்படியாகப் பிரித்திருந்தார். ஒரு மாணவருக்குச் சிகிச்சை தேவையா என்று முடிவுசெய்ய 0.70 கொண்ட அளவுகோலைப் பயன்படுத்திவிட்டு நன்னலியைச் சாட்சிக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அதோடு, இந்த எண்ணை உயர்த்த ஒரு சுலப வழியும் உண்டு: கேள்விகளைக் கூட்டுவது. கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு 0.3 என்று வையுங்கள். நான்கு கேள்விகள் இருந்தால் ஆல்பா ஏறத்தாழ 0.63. அதே தரத்தில் பத்துக் கேள்விகள் என்றால் 0.81, இருபது என்றால் 0.90. ஒட்டுறவு அங்குலம்கூட நகரவில்லை, நீளம் மட்டும்தான் கூடியது. ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி மூன்று முறை கேட்டாலும் ஆல்பா ஏறும். ஆனால் தேர்வு பயத்தின் ஒரு மூலையைத்தான் திரும்பத் திரும்ப அளந்திருப்போம். எனவே மிக உயர்ந்த ஆல்பாவைப் பார்த்தாலும் கேள்விகளை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஆல்பா உயர்ந்திருந்தால் அளவுகோல் ஒரே விஷயத்தை அளக்கிறது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தேர்வு பயம் பற்றி ஆறு கேள்விகளையும் விடுதிச் சாப்பாடு பற்றி ஆறு கேள்விகளையும் ஒரே தாளில் கலந்து கொடுப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு ஆறுக்குள்ளும் ஒட்டுறவு 0.6, இரண்டு கூட்டத்துக்கும் இடையே பூஜ்ஜியம். எல்லாக் கேள்விகளின் சிதறலும் சமமென்று கொண்டு பன்னிரண்டுக்கும் சேர்த்து ஆல்பா போட்டால் 0.82 வரும்! ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு விஷயங்கள், நன்னலியின் இரண்டாம் படியைத் தாண்டிவிடுகின்றன. கேள்விகள் எத்தனை கூட்டங்களாகப் பிரிகின்றன என்று அறியக் காரணிப் பகுப்பாய்வு என்ற வேறொரு சோதனை தேவை. அதை முதலில் செய்துவிட்டு, பிரிந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியே ஆல்பா காண்பதே முறை. தேர்வு பயம் என்ற பெயருக்கு அந்த அளவுகோல் தகுதியானதா என்பது இன்னும் வேறு கேள்வி. அதற்கு ஆல்பாவிடம் பதிலே கிடையாது.

கிரான்பாக்கே கடைசிக் காலத்தில் தன் சூத்திரத்தைத் தள்ளி நின்று பார்த்தார். 2001-இல் அவர் காலமான பின், 2004-இல் வெளிவந்த கட்டுரையில், பெரும்பாலான தரவுகளை ஆராய ஆல்பாவே மிகப் பொருத்தமான வழி என்று இனியும் தான் கருதவில்லை என்று எழுதியிருக்கிறார். எல்லாக் கேள்விகளும் ஒரே பலத்தோடு அந்தப் பண்பைத் தொடுகின்றன என்ற எடுகோளை ஆல்பா கேட்கிறது. நிஜ வினாப்பட்டியல்கள் அதற்கு அரிதாகவே இணங்கும். அந்த எடுகோளைக் கேட்காத ஒமேகா என்ற கெழுவையும் சேர்த்துக் கொடுக்கும்படி இப்போது பல புள்ளியியலாளர்கள் கேட்கிறார்கள்.

இந்த எண் வினாப்பட்டியலின் மேல் நிரந்தரமாக ஒட்டிய முத்திரையும் அல்ல. குறிப்பிட்ட மக்கள், குறிப்பிட்ட மொழியில் கொடுத்த விடைகளிலிருந்து வந்தது அது. டேவிட் ஷ்மிட்டும் யூரி அல்லிக்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் ரோசன்பெர்க்கின் பத்து வாக்கியங்கள் 28 மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 53 நாடுகளில் 16,998 பேரிடம் கேட்கப்பட்டன. தன்னைக் குறைத்துப் பேசும் வாக்கியங்களை எல்லா நாட்டினரும் ஒரேவிதமாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர்கள் கண்டார்கள். எதிர்மறை வாக்கியத்தை ‘ஒப்பவில்லை’ என்று மறுப்பது இரட்டை மறுப்பாகிவிடுகிறது. தமிழில் ‘எனக்குப் பெருமைப்பட ஏதுமில்லை’ என்ற வாக்கியத்துக்கு ‘ஒப்பவில்லை’ என்று குறிக்க வேண்டியவர், ஒரு நொடி தடுமாறி மறுபக்கக் கட்டத்தில் குறித்துவிடலாம். பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து அவர்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்லச் சொன்னால் இது வெளிப்பட்டுவிடும். வாக்கியங்களைத் திருத்திய பின், நம் ஊர் மாணவர்கள் கொடுத்த விடைகளிலிருந்தே ஆல்பாவைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 1965-ஆம் ஆண்டின் நியூயார்க் எண்ணையோ வேறு நாட்டு எண்ணையோ எடுத்து ஆய்வேட்டில் ஒட்டுவதற்கு இடமில்லை.