கட்டளைக்கு முன்னால் இரண்டு வரி

ஒரு பள்ளி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இந்த மாதத் தேர்வு மதிப்பெண்கள் `marks.csv` என்ற கோப்பில் இருக்கின்றன. அதை `backup` என்ற ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும். அங்கே போன மாதத்து மதிப்பெண்கள், அதே `marks.csv` என்ற பெயரில் ஏற்கெனவே கிடக்கின்றன. "இதுக்கு ஒரு கமாண்ட் சொல்லுங்க சார்" என்று எழுத்தர், கணினி தெரிந்த ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார். எந்தக் கணினி, அதில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்று அவர் சொல்லவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. வேறு வேலையில் இருந்தவர், கைப்பழக்கத்தில் ஒரே வரியை அனுப்பிவிடுகிறார்.

```
mv marks.csv backup/
```

வரியில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது எந்தத் திரையில் அடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விளைவு அடியோடு மாறும்.

லினக்ஸ் அல்லது மேக் டெர்மினல் என்றால், எந்தக் கேள்வியும் கேட்காமல் புதிய கோப்பு பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். போன மாதத்து மதிப்பெண்கள் போயே போய்விட்டன. திரையில் ஓர் எழுத்துகூட வராது. எல்லாம் சரியாக நடந்ததுபோலவே இருக்கும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் என்றால், `mv` என்ற கட்டளையே தனக்குத் தெரியாது என்று அது சொல்லிவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அதே விண்டோஸில் பவர்ஷெல் திறந்திருந்தால் கதை வேறு. அங்கே `mv` என்பது `Move-Item` என்ற கட்டளைக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர். அது ஓடும்; ஆனால் அதே பெயரில் கோப்பு இருப்பதைப் பார்த்ததும் சிவப்பு எழுத்தில் மறுத்துவிடும்.

கமாண்ட் பிராம்ப்டில் தோற்ற எழுத்தர் சும்மா இருக்கமாட்டார். தேடிப் பார்த்து, `move` என்ற விண்டோஸ் கட்டளையைக் கண்டுபிடிப்பார். அதை நேரே அடித்தால், பழைய கோப்பின் மேல் எழுதட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். மாதாமாதம் அடிக்க அலுத்துப்போய் அதே வரியை ஒரு பேட்ச் கோப்பில் போட்டுவைத்தால், அங்கிருந்து ஓடும்போது கேட்காது. நேற்றுவரை அனுமதி கேட்ட கட்டளை இன்று கேட்காமல் அழிக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய கட்டளை இன்னொன்றில் ஓடவே இல்லையென்றால் பெரும்பாலும் நஷ்டம் இல்லை. ஒரு பிழைச்செய்தியோடு முடிந்துவிடும். இரண்டு இடத்திலும் ஓடி, இரண்டு இடத்திலும் வேறு வேறு வேலை செய்யும் கட்டளைகள்தான் கோப்பைக் காவு வாங்குகின்றன. பவர்ஷெல்லிலேயே இதைப் பார்க்கலாம். `mv` மறுக்கும் அதே சூழ்நிலையில் `cp` மறுக்காது. பழைய கோப்பின் மேல் சத்தமில்லாமல் நகலெடுத்துவிடும். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க வழியில்லை.

அழிக்கும் கட்டளைகளும் இப்படித்தான். லினக்ஸில் `rm` என்று அடித்து ஒரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், அது ஃபோல்டர் என்று சொல்லி `rm` நின்றுவிடும். கமாண்ட் பிராம்ப்டில் `del` அடித்து ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். Y அடித்தால் அத்தனையும் போகும். வெற்று ஃபோல்டர் மட்டும் மிஞ்சும். இந்த இரண்டு கட்டளைகளும் ரீசைக்கிள் பின் பக்கமே போவதில்லை. மவுஸால் அழித்ததைத் திரும்ப எடுத்துப் பழகியவர்கள், கட்டளையால் அழித்ததையும் அங்கே போய்த் தேடி ஏமாறுகிறார்கள். எஸ்எஸ்டி வட்டுகளில் அழித்த இடத்தை வட்டே பின்னணியில் துடைத்துவைப்பதால், மீட்பு மென்பொருள்களுக்கும் பல நேரம் எதுவும் கிடைக்காது.

எழுதுபவருக்குத் தெரியாத கணினியில் கட்டளை ஓடினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிள் நிறுவனமே 2001 நவம்பரில் கண்டது. ஐடியூன்ஸ் 2.0 மென்பொருளை மேக் ஓஎஸ் எக்ஸில் நிறுவும் நிரல், பழைய ஐடியூன்ஸை `rm -rf` கட்டளையால் அழித்துவிட்டுப் புதியதை வைக்கும்படி எழுதப்பட்டிருந்தது. வட்டின் பெயர் வரும் இடத்தில் மேற்கோள் குறிகள் இல்லை. பெயரில் இடைவெளி இல்லாத வட்டுகளில் அது ஒழுங்காக ஓடியது. ஒருவரிடம் `Disk` என்று ஒரு வட்டும் `Disk 2` என்று இன்னொன்றும் இருந்தால்? இடைவெளியைக் கண்டதும் கட்டளை அந்தப் பாதையை இரண்டாக வெட்டும். `Disk 2`-க்குள் இருக்கும் ஐடியூன்ஸை அழிக்கப் போன கட்டளை, `Disk` முழுவதையும் அழிக்கக் கிளம்பிவிடும். இப்படிப் பலருடைய வட்டுகள் துடைக்கப்பட்ட பிறகு, ஆப்பிள் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 2.0.1-ஐ வெளியிட்டது. எழுதியவர்களின் கணினியில் பிழையில்லாமல் ஓடிய வரிதான் அது.

அப்படியானால் பள்ளி எழுத்தருக்கு ஆசிரியர் எப்படி எழுதியிருக்க வேண்டும்? நீண்ட விளக்கம் தேவையில்லை. கட்டளைக்கு மேலே இவ்வளவு போதும்:

"இது லினக்ஸ், மேக் டெர்மினலுக்கு. `backup`-இல் ஏற்கெனவே `marks.csv` இருந்தால் கேட்காமல் அதை அழித்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. முதலில் `ls backup` அடித்துப் பாருங்கள். விண்டோஸ் என்றால் அடிக்காமல் சொல்லுங்கள்."

இதில் நான்கு செய்திகள் இருக்கின்றன: எந்த இயங்குதளத்துக்கு, எது அழியும், அழிவதற்கு முன் எப்படிப் பார்ப்பது, வேறு இயங்குதளம் என்றால் என்ன செய்வது. வெறுமனே "ஜாக்கிரதை" என்று எழுதினால் படிப்பவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. `marks.csv` என்று பெயர் சொல்லி எச்சரித்தால், அவர் அந்த ஃபோல்டரைத் திறந்து ஒருமுறை பார்ப்பார். கூடவே கட்டளையிலும் ஒரு மாற்றம் செய்யலாம்.

```
mv -i marks.csv backup/
```

லினக்ஸிலும் மேக்கிலும் `-i` சேர்த்தால், மேலே எழுதும் முன் கட்டளையே கேட்கும். `rm`, `cp` இரண்டுக்கும் இது பொருந்தும். பவர்ஷெல்லில் இதைவிட வசதியான `-WhatIf` இருக்கிறது. அழிக்கும் கட்டளையின் இறுதியில் அதைச் சேர்த்தால், எதையும் தொடாமல், எவையெல்லாம் அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும்.

```
Remove-Item *.tmp -WhatIf
```

எச்சரிக்கை கட்டளைக்கு மேலேதான் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிப்பவரின் கண் முதலில் கட்டளைக்குத்தான் போகும். நகலெடுத்து ஒட்டிவிட்டுத்தான் மீதியைப் படிப்பார். பல டெர்மினல்களில், ஒட்டும் பகுதியில் வரிமுடிவும் சேர்ந்து வந்தால் என்டர் தட்டுவதற்கு முன்பே கட்டளை ஓடத் தொடங்கிவிடும். கீழே எழுதிய எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் கண்ணில் படும்.

"அப்படியானால் எச்சரிக்கையைக் கட்டளையோடு சேர்த்தே எழுதிவிடலாமே" என்று சிலர் நினைப்பார்கள். லினக்ஸில் வழக்கமான பாஷ் ஷெல்லில், `#` குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் மனிதர்கள் படிப்பதற்கான குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாது. அதை நம்பி ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
rm *.tmp # keep marks.csv
```

தற்காலிகக் கோப்புகளை அழி, `marks.csv`-ஐ விட்டுவிடு என்பது எழுதியவரின் எண்ணம். பாஷில் அப்படியேதான் நடக்கும். ஆனால் 2019-இல் வந்த மேகோஸ் கேட்டலினாவிலிருந்து மேக்கில் இயல்பாகக் கிடைப்பது ஸீஷெல் என்ற வேறு ஷெல். நேரடியாகத் தட்டும்போது, அமைப்பை மாற்றியிருந்தால் ஒழிய, `#` குறியை அது குறிப்பின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாது. மேக்கில் இந்த வரியை ஒட்டினால், `#`, `keep`, `marks.csv` மூன்றும் அழிக்க வேண்டிய கோப்புகளின் பெயர்களாக `rm`-இடம் போய்ச் சேரும். முதல் இரண்டும் இல்லை என்று `rm` புகார் சொல்லும். மூன்றாவது இருக்கிறது, அதை அழித்துவிடும். காப்பாற்றச் சொல்லி எழுதிய பெயரே அழிக்கும் பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆகவே எச்சரிக்கை தனி வாக்கியமாக, நகலெடுக்கும் பகுதிக்கு வெளியே, சாதாரணத் தமிழில் இருப்பதே பாதுகாப்பு.

இயங்குதளம் தெரியாது என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டவும் வேண்டாம். கேட்பவரின் செய்தியிலேயே பல நேரம் தடயம் இருக்கும். அனுப்பிய திரைப்படத்தில் `C:\>` என்று தெரிந்தால் அது கமாண்ட் பிராம்ப்ட். முன்னால் `PS` சேர்ந்திருந்தால் பவர்ஷெல். கோப்பின் பாதை `/home/` என்று தொடங்கினால் பெரும்பாலும் லினக்ஸ். `/Users/` என்றால் மேக். வரியின் முனையில் `%` இருந்தால் அங்கே ஸீஷெல் ஓடுவதாக ஊகிக்கலாம். தடயம் தெளிவாக இருக்கும்போது இயங்குதளம் பற்றிய வாக்கியத்தை விட்டுவிட்டு, எது அழியும் என்பதை மட்டும் சொன்னால் போதும். கேட்பவரிடம் பேச முடியும் என்றால், "எந்த சிஸ்டம்மா?" என்ற ஒரு கேள்வி எல்லா எச்சரிக்கைகளையும்விட வேகமானது. வகுப்புக் குறிப்பு, அலுவலகச் சுற்றறிக்கை போல யார் கைக்குப் போகும் என்றே தெரியாத எழுத்துகளில்தான் இந்த இரண்டு வரிக்கு முழு வேலை இருக்கிறது.

எல்லாக் கட்டளைக்கும் இதை ஒட்டவும் கூடாது. கோப்புகளைப் பட்டியலிடும் `ls`, `dir`, எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று காட்டும் `pwd` போன்றவை எதையும் மாற்றுவதில்லை. அவற்றுக்கும் எச்சரிக்கை எழுதினால், படிப்பவர் அந்த வரிகளைத் தாண்டிப் போகப் பழகிவிடுவார். `rm` வரும்போதும் அதே வேகத்தில் தாண்டுவார். எழுதுபவர் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இது ஏதாவது ஒரு கோப்பை இல்லாமல் செய்யுமா? ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதுமா? இரண்டாவது கேள்விதான் எளிதில் தப்பிப்போகிறது. `rm`, `del` இரண்டையும் பார்த்ததும் யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். `cp`, `mv`, வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும் `>` குறி ஆகியவற்றைப் பார்த்தால் அந்தத் தயக்கம் வருவதில்லை. `list.txt`-இல் ஏற்கெனவே எவ்வளவு எழுதியிருந்தாலும், `> list.txt` என்று முடியும் ஒரு கட்டளை அதைக் காலி செய்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் வழக்கமான அமைப்பில் இது மட்டும் ஒரே மாதிரி நடப்பதால், `>` வரும் கட்டளைக்கு மேலே, இயங்குதளம் தெரிந்திருந்தாலும், `list.txt` என்ற பெயரில் பழைய கோப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி இருக்க வேண்டும்.