கல் உப்பா, வினிகரா, ஆப்ப சோடாவா? காய்கறி கழுவுவதில் எது உண்மையில் வேலை செய்கிறது?

புதுக்கோட்டை உழவர் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்கும் பையில் இரண்டு வகைச் சரக்கு இருக்கும். கீரை, கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும். காலிஃப்ளவர், கேரட், திராட்சை மாதிரியானவை வெளியூரிலிருந்து லாரி ஏறி வந்தவை. வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலான சமையலறைகளில் நடப்பது ஒன்றுதான். ஒரு பாத்திரம் தண்ணீர், அதில் ஒரு கை கல் உப்பு. செல்போனில் வீடியோ பார்ப்பவர்கள் வீட்டில் வினிகரோ சோடாவோ சேர்ந்துகொள்ளும். சிலர் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள்!

இந்த மூன்றும் என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்கு முன், எதைப் போக்குவதற்காகக் கழுவுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கிருமி வேறு, மருந்து எச்சம் வேறு. கிருமிக்கு உயிர் இருக்கிறது. கொதிக்கும் குழம்பில் அது செத்துப்போகும். பூச்சிமருந்து உயிரற்ற ரசாயனம். கொதிக்க வைத்தால் சில மருந்துகள் ஓரளவு சிதையும், சில அப்படியே குழம்பில் தங்கும். அதனால் ஒரே கொத்தமல்லிக் கட்டு ரசத்தில் கொதிக்கப் போகிறதா, பச்சையாகச் சட்னியில் அரைபடப் போகிறதா என்பதைப் பொறுத்துக் கழுவும் முறையும் மாற வேண்டும்.

ஆப்பிளில் செய்த சோதனை

சோடா பற்றிய பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2017-ல் வெளியான ஓர் ஆய்வு முக்கியக் காரணம். ஆய்வாளர்கள் ஆப்பிள்களின் தோலில் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியையும், பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லியையும் தடவி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தார்கள். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீர், பிளீச் கலந்த தண்ணீர், சமையல் சோடா கலந்த தண்ணீர் என்று தனித்தனியாகக் கழுவிப் பார்த்தார்கள்.

சோடாதான் ஜெயித்தது. 12 நிமிடத்தில் தடவிய தயாபெண்டசோலில் 80 சதவீதம் போனது. 15 நிமிடத்தில் பாஸ்மெட்டில் 96 சதவீதம் போனது. காரத்தன்மையுள்ள தண்ணீரில் இந்த இரண்டு மருந்துகளும் சிதைந்துவிடும். சோடா அவற்றைக் கழற்றி விடுவதோடு நிற்காமல் உடைக்கவும் செய்கிறது. அவர்கள் பயன்படுத்திய அளவு 1 சதவீதம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். நம் வீட்டு டீஸ்பூனில் தலை தட்டி இரண்டு ஸ்பூன்.

வீடியோக்கள் சொல்லாமல் விடும் பாதி இனிமேல்தான் வருகிறது. தடவிய தயாபெண்டசோலில் சுமார் 20 சதவீதம் அந்த ஒரு நாளிலேயே தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. அதை எந்தச் சோடாவும் தொடவில்லை. தோல் சீவினால்தான் அது போகும். இன்னொன்று, சோதித்தது இரண்டே மருந்துகள், ஒரே பழம். எல்லா மருந்தும் காரத்தில் உடையும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சோடா என்றால் எந்தச் சோடா என்பதும் முக்கியம். ஆப்பத்துக்கும் பஜ்ஜிக்கும் போடுகிற சமையல் சோடாவைத்தான் சொல்கிறார்கள். துணிக்குப் போடும் சலவை சோடா வேறு பொருள், சமையலறைக்குள்ளேயே வரக் கூடாது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரில் புளிப்புப் பொருளும் கலந்திருப்பதால் அதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

அதே காரணத்தால்தான் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது வீண். பொங்கி நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பெரிதாக வேலை நடப்பதுபோல் தோன்றும். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துவிட்டு, மிச்சம் கொஞ்சம் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான் பாத்திரத்தில் நிற்கும்.

கேரளம் கண்டுபிடித்த புளித் தண்ணீர்

நமக்கு நெருக்கமான சோதனை பக்கத்து மாநிலத்தில் நடந்தது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் மருந்து எச்சம் அதிகம் என்று 2015-ல் கேரளம் குரல் எழுப்பியதும், இரு மாநிலங்களுக்கும் இடையே அது பெரிய சர்ச்சையானதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சர்ச்சையில் அதிகம் அடிபட்ட பெயர்களில் ஒன்று கறிவேப்பிலை. சந்தைக் காய்கறிகளைச் சோதித்துவந்த கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம், வீட்டில் எப்படிக் கழுவலாம் என்றும் ஆராய்ந்தது. அவர்கள் மக்களுக்குச் சொன்ன வழிகளில் வினிகர், உப்புக் கரைசல்களோடு நம் புளித் தண்ணீரும் ஒன்று. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளி கரைத்து வடிகட்டி, அதில் கறிவேப்பிலையைக் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

எலுமிச்சை அளவுப் புளியில் முடிகிற வேலைக்கு வினிகர் பாட்டில் வாங்க வேண்டியதில்லை என்பது இதில் ஒரு நிம்மதி. ஆனால் எந்தக் கரைசலாக இருந்தாலும் ஊறவைத்துவிட்டு அலசாமல் விட்டால், கழன்று வந்த மருந்து அதே தண்ணீரிலிருந்து மறுபடி இலையில்தான் படியும். கடைசி அலசலில்தான் பாதி வேலை இருக்கிறது.

உப்புக்கு வருவோம். லிட்டருக்கு 20 கிராம், அதாவது குவியலாக ஒரு டேபிள்ஸ்பூன் கல் உப்பு என்றால் 2 சதவீதக் கரைசல். மேலே ஒட்டியிருக்கும் மருந்தையும் தூசியையும் இது ஓரளவு கழற்றும். காலிஃப்ளவருக்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெளியே வரவைப்பதில் உப்புத் தண்ணீருக்கு இணையில்லை. ஆனால் உப்பு கிருமியைக் கொல்லும் என்று நம்புவதில் அர்த்தமில்லை. ஊறுகாயில் போடும் அளவு உப்புதான் கிருமியைத் தடுக்கும். ரசத்தைவிடக் கொஞ்சம் தூக்கலான இந்தத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தால் பெரும்பாலான கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

வெறும் தண்ணீரைக் குறைத்து எடைபோட வேண்டாம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 12 மருந்துகளை எடுத்துக்கொண்டு, காய்கறி, பழங்களைக் குழாயடியில் அரை நிமிடம் அலசிப் பார்த்தார்கள். ஒன்பது மருந்துகளின் எச்சம் குறைந்தது. குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட மூன்று மட்டும் அசையவில்லை. தண்ணீரில் கரையும் மருந்துதான் போகும் என்று நினைத்தால், அப்படியும் இல்லை. கரையாத மருந்துகளும் ஓடும் தண்ணீரின் வேகத்தில் கழன்று போயிருந்தன. அதாவது தண்ணீரின் ஓட்டமும் கையால் தேய்ப்பதும்தான் முக்கியம். கிருமிக்கும் இதுவேதான் கணக்கு. நன்றாகத் தேய்த்து அலசினால் மேலே இருக்கும் கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ போகலாம். முழுதாகப் போகாது.

பச்சையாகச் சாப்பிடும் இலை, தக்காளி, வெள்ளரி, கொய்யாவுக்கு வினிகர் கொஞ்சம் கூடுதல் பலம் தரும். ஆனால் ஒரு பாத்திரம் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்பது கிருமிக்குப் போதாது. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிடம் என்றால்தான் பலன் தெரியும். செலவும் அதிகம், கொத்தமல்லியும் துவண்டு வாசனை மாறும். பெரிய சமையல்கூடங்களில் இதற்குக் குளோரின் தண்ணீர் பயன்படுத்துகிறார்கள். கொரோனா காலத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 50 பிபிஎம் குளோரின் கலந்த தண்ணீரில் முக்கி, குடிநீரில் அலசச் சொன்னது. அளவு தெரியாமல் வீட்டில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது அதுவல்ல. பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். காயின் நுண்துளைகளில் சோப்பு தங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பையைக் கழுவுவோம்

கீரைக்கட்டு: வேரை வெட்டிவிட்டுத் தண்டு தண்டாகப் பிரிக்க வேண்டும். கட்டாகவே முக்கினால் நடுவில் தண்ணீரே போகாது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால், அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். அடியில் மணல் படியாத வரை தண்ணீரை மாற்ற வேண்டும், பெரும்பாலும் மூன்று முறை. வேகப்போகிற கீரை என்பதால் கிருமிக் கவலை குறைவு. மருந்துக்காக நடுவில் ஒரு முறை புளித் தண்ணீரிலோ சோடாத் தண்ணீரிலோ கால் மணி நேரம் போடலாம். அதற்கு மேல் சோடாவில் விட்டால் இலை குழையும். நறுக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும், அழுக்குத் தண்ணீர் வெட்டுவாய் வழியே உள்ளே போகும்.

திராட்சையைக் கொத்தாகக் குழாயடியில் காட்டினால் மேல் வரிசை மட்டும்தான் நனையும். காம்போடு சேர்த்துக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, சோடாத் தண்ணீரில் 15 நிமிடம் போட்டு, வடிதட்டில் வைத்து ஓடும் தண்ணீரில் உருட்டித் தேய்க்கலாம். காம்பைப் பிடுங்கிவிட்டு ஊறவைத்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகும்.

தக்காளியில் நம்மூர் வெயிலுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. நடுப்பகலில் சூடேறி வந்த தக்காளியை உடனே ஃபிரிட்ஜ் தண்ணீரில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது, காம்புக் குழி வழியே வெளித் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். நிழலில் ஆறவிட்டு, சாதாரணத் தண்ணீரில் கழுவினால் போதும்.

கடைசி அலசல் குடிக்கத் தகுந்த தண்ணீராக இருப்பது பச்சையாகச் சாப்பிடும் பொருட்களுக்குக் கட்டாயம். மாதக்கணக்கில் கழுவாத மேல்தொட்டித் தண்ணீரில் அலசினால், போன கிருமிக்குப் பதில் புதியது வந்து சேரும். ஈரத்தோடு கவரில் கட்டி ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டாம். துணியில் உலர்த்தி வைக்கலாம், அல்லது சமைக்கும்போது மட்டும் கழுவலாம்.

தோட்டத்தில் மட்டுமே தீரும் விஷயம்

இமிடாகுளோபிரிட், அசிபேட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றோடு கலந்து உள்ளே பரவுபவை. வெண்டைக்காயின் சதைக்குள் இருப்பதை உப்போ, புளியோ, சோடாவோ எடுக்க முடியாது. தோல் சீவினாலும் முழுதாகப் போகாது. மருந்தடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் பயிருக்கும் கணக்கு உண்டு. அந்த நாட்களில்தான் மருந்து செடிக்குள்ளேயே சிதைந்து குறையும். நேற்று அடித்து இன்று பறித்த காய்க்கும், காத்திருந்து பறித்த காய்க்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. உழவர் சந்தையில் விற்பவரே விளைவித்தவராகவும் இருப்பதால், கடைசியாக என்றைக்கு மருந்தடித்தீர்கள், எத்தனை நாள் கழித்துப் பறித்தீர்கள் என்று நேரில் கேட்கலாம். சூப்பர் மார்க்கெட் அலமாரியிடம் அதைக் கேட்க முடியாது.