நகர்வது நாற்காலி மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1988இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அறைகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் ஊழியர்களைத் தற்காலிகமாக வேறு அறைகளில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. யாருக்கு எந்த அறை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். சிலருக்குத் தங்களைவிட மேல்நிலையில் இருப்பவர்களின் அறை கிடைத்தது. சிலருக்குத் தங்களுக்குச் சமமானவர்களின் அறை, சிலருக்குக் கீழ்நிலையில் இருப்பவர்களின் அறை. பதவி அப்படியே இருந்தது, செய்த வேலையும் அதேதான். ஆனாலும் மேல்நிலை அறைக்குப் போனவர்கள் முன்பைவிட அதிகமாக வேலை செய்தார்கள். கீழ்நிலை அறைக்குப் போனவர்களின் வேலை குறைந்தது. கவனத்தில் கொள்ளுங்கள், இது சில நாட்களுக்கான ஏற்பாடுதான்.

அப்படியென்றால் நிரந்தரமாக இடம் மாற்றும்போது என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம். “சும்மா ஒரு மேசை மாற்றம்தானே, இதற்கு என்ன விளக்கம்” என்று நினைக்கும் மேலாளர் பலர். உட்காருபவருக்கு அது வெறும் மேசையாக இருப்பதில்லை. நிறுவனம் தன்னை எங்கே வைத்திருக்கிறது என்பதை அவர் அந்த இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்.

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாடியில் ஒரே ஹால், 22 பேர். முன்பக்கம் எம்.டி. அறையை ஒட்டி ஜன்னல் வரிசை. அங்கே வெளிச்சம் உண்டு, ஏசி நன்றாக வரும், வாசலில் நுழைபவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த வரிசையைத்தான். 14 வருடமாக இருக்கும் மூத்த மெர்ச்சண்டைசரும் அவருடைய குழுவும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பின்பக்கம் படிக்கட்டை ஒட்டி சாம்பிள் அறை. பையரிடமிருந்து “கழுத்து அரை இன்ச் குறை, கை நீளம் சரியில்லை” என்று மெயில் வந்தால், மெர்ச்சண்டைசர் அதைப் படித்து, ஹாலின் முழு நீளமும் நடந்து, சாம்பிள் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். அவசரத்தில் போனில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னதில் ஒரு திருத்தம் விட்டுப்போகும், சாம்பிள் மறுபடியும் திரும்பி வரும். நிர்வாகம் ஒரு முடிவுக்கு வருகிறது. மெர்ச்சண்டைசிங் குழு சாம்பிள் அறைக்குப் பக்கத்தில் போக வேண்டும். எம்.டி.யிடம் நாள் முழுக்கக் கையெழுத்துக்கு அலையும் அக்கவுண்ட்ஸ் பிரிவினர் முன்னால் வர வேண்டும்.

முடிவு நியாயமானது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? 14 வருடம் இருந்தவரைப் பின்னால் தள்ளிவிட்டு, நேற்றுச் சேர்ந்த அக்கவுண்ட்ஸ் பையனை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டார்கள். இந்தக் கதை ஒரே டீ இடைவேளையில் தையல் ஹால் வரைக்கும் போய்விடும்.

செய்தி பெரும்பாலும் கசிவது எலெக்ட்ரீஷியன் வழியாகத்தான். லேன் பாயின்ட்டையும் பிளக் பாயின்ட்டையும் அளக்க அவர் வருவார். “இங்கே நாலு டேபிள் வருதாமே?” என்று யாரிடமாவது கேட்பார். மூத்தவர் தன் இடம் போவதை அவர் வாயால் தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நிர்வாகம் சொல்லும் எந்தக் காரணமும் அவர் காதில் ஏறாது. ஆகவே டேப் பிடித்து அளப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதும் அதே தவறுதான். சனி, ஞாயிறு முழுக்க அவர்கள் தாங்களாகவே காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில், இழப்பவர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள். இந்த ஹாலில் அப்படி ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரிடமும் ஒரே முற்பகலில் பேசி முடித்து, அன்று பிற்பகலே முழுக் குழுவையும் கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நடுவில் ஒரு ராத்திரி விட்டால் வதந்தி முந்திக்கொள்ளும். மூத்தவரோடு மேலாளரின் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“அண்ணா, ஒண்ணாந் தேதியில இருந்து இடம் மாத்துறோம்ங்க. உங்க குழு சாம்பிள் ரூமை ஒட்டி வரணும். மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.”

“என் இடத்துக்கு யாருங்க வர்றாங்க?”

முதல் கேள்வி எப்போதும் இதுதான். காரணத்தைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்பார்கள். இதற்கு மழுப்பலான பதில் சொன்னால் எல்லாம் முடிந்தது. “அது இன்னும் முடிவாகலைங்க” என்று சொல்லிவிட்டு, மறுவாரம் ஒரு இளையவர் அங்கே வந்து உட்கார்ந்தால் அது பொய்யாகிவிடும். நேராகச் சொல்லுங்கள்:

“அக்கவுண்ட்ஸ்ல ரெண்டு பேர் வர்றாங்க. அவங்க ஒரு நாளைக்குப் பத்து தடவை சார் ரூமுக்குப் போறாங்க, அதுக்காகத்தான். ஜன்னல், வெளிச்சம் எல்லாம் உங்களுக்குப் போகுது, அது எனக்குத் தெரியும். பின்னால கொஞ்சம் புழுக்கமா இருக்கும். தனியா ஒரு ஏசி போடச் சொல்லியிருக்கேன், உங்க மேசை போறதுக்கு முன்னாடி ஓடும்.”

இந்தப் பேச்சில் முக்கியமானது இழப்பை ஒப்புக்கொள்ளும் அந்த ஒரு வரிதான். “எல்லாருக்கும் நல்லதுதான்” என்று தொடங்குகிற மேலாளர், எதிரில் இருப்பவருக்கு ஏதோ போகிறது என்பதையே பார்க்க மறுக்கிறார். ஜன்னல் போனது உண்மை. அதைச் சொல்லிவிட்டால், பதவி போகவில்லை என்று அடுத்துச் சொல்வதையும் நம்புவார்கள்.

காரணத்தை எவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? கிரீன்பெர்க்கின் இன்னொரு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. 1990இல் வெளியானது. ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் தற்காலிகமாக 15 சதவீதம் சம்பளம் குறைத்தார்கள். ஓர் ஆலையில் நிறுவனத்தின் நிலைமையை விவரமாக எடுத்துச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். மற்றோர் ஆலையில் சுருக்கமாக அறிவித்துவிட்டுக் கூட்டத்தை முடித்துக்கொண்டார்கள். சம்பளம் குறைந்த காலத்தில் இரண்டு இடத்திலும் பொருட்கள் திருடு போவது கூடியது. ஆனால் விளக்கமாகச் சொன்ன ஆலையில் கூடியது குறைவு, சொல்லாத ஆலையில் மிக அதிகம். விளக்கம் இழப்பை அழித்துவிடவில்லை. கசப்பை ஓர் அளவுக்குள் நிறுத்தியது. இருக்கை மாற்றத்திலும் அதைத்தான் எதிர்பார்க்கலாம்.

காரணம் வேலையிலிருந்து வர வேண்டும், ஊழியர்களே சரிபார்த்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். “ஒருங்கிணைப்பை மேம்படுத்த” என்று எழுதினால் யாரும் எதையும் புரிந்துகொள்ள மாட்டார்கள். போன சீசனில் எந்த ஸ்டைலின் சாம்பிள் எத்தனை முறை திரும்பி வந்தது, அதில் எத்தனை முறை போனில் சொன்ன திருத்தம் விட்டுப்போனது என்பதைக் குழுவுக்கு முன்னால் வையுங்கள். குற்றம் சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது. தூரத்தால் வந்த பிழை என்று சொல்லலாம், ஆளைச் சுட்டக் கூடாது. ஒருவருடைய முழங்கால் வலிக்காக அவரைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், அவர் சம்மதம் இல்லாமல் அந்தக் காரணத்தைக் கூட்டத்தில் சொல்லவும் கூடாது.

பேசி முடித்த பிறகு எழுத்தில் ஒரு சுற்றறிக்கை. நீளம் தேவையில்லை:

“ஒன்றாம் தேதி முதல் மெர்ச்சண்டைசிங் குழு சாம்பிள் அறையை ஒட்டியும், அக்கவுண்ட்ஸ் பிரிவு முன் வரிசையிலும் அமரும். பையரின் திருத்தங்கள் சாம்பிள் மாஸ்டருக்கு நேரடியாகப் போய்ச் சேரவும், காசோலை, பில் கையெழுத்து வேலைகள் விரைவாக முடியவும் இந்த ஏற்பாடு. யாருடைய பொறுப்போ, சம்பளமோ, யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பதோ மாறவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் இதுவரை பங்கேற்றவர்களே தொடர்வார்கள். ஆறு வாரம் கழித்து எல்லோரிடமும் கேட்டு, சரியில்லாததை மாற்றுவோம்.”

இந்தச் சுற்றறிக்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது திங்கட்கிழமைக் கூட்டம் பற்றிய வரி. “யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை” என்று பொதுவாக எழுதினால், அப்படி ஒன்று இருக்கிறதோ என்ற சந்தேகத்தைத்தான் அது கிளப்பும். எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், எந்த பில்லில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், பையர் வந்தால் யாரை அறிமுகப்படுத்துகிறார்கள் என்பவற்றில்தான் பதவி இருக்கிறது. அவை மாறாது என்று பெயர் சொல்லி உறுதி கொடுங்கள். பழைய நாற்காலி, பூட்டும் டிராயர், இன்டர்காம் எண், பெயர்ப்பலகை எல்லாம் மூத்தவரோடு போகட்டும். அவருடைய உயர முதுகு நாற்காலியை முன்னாலேயே விட்டுவிட்டு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டால் சுற்றறிக்கை காற்றில் போய்விடும். முடிந்தால் அவர் இருந்த அதே மூலையில் அக்கவுண்ட்ஸ் இளையவரை உட்கார வைக்காமல், அங்கே ஃபைல் அலமாரியையோ எல்லோருக்குமான பேச்சு மேசையையோ போடலாம். இன்னார் இடத்தை இன்னார் பிடித்தார் என்ற பேச்சுக்கு அப்போது வழி இருக்காது.

இவ்வளவும் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. சொல்லும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ஒருவருடைய வேலை திருப்தியாக இல்லை, அவரை எம்.டி. பார்வையிலிருந்து தள்ளி வைக்கலாம் என்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணம் என்றால், மேசையை நகர்த்தி அதைச் சொல்லாதீர்கள். அவரைக் கூப்பிட்டு வேலையைப் பற்றியே பேசுங்கள். சாம்பிள் அறையைக் காரணமாகக் காட்டி ஒருவரை ஓரங்கட்டினால், நியாயமான காரணத்துக்காக இடம் மாறிய மற்ற நான்கு பேரும் தங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருளில்லை. அதைவிட நம்பகமான அறிகுறிகள் அடுத்த இரண்டு வாரங்களில் தெரியும். காலண்டரும் சாமி படமும் அட்டைப் பெட்டியிலேயே கிடந்தால் அவர் இன்னும் அங்கே குடியேறவில்லை. முன்பு பையர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியவர், இப்போது வராந்தாவுக்குப் போய்ப் பேசினால் கவனியுங்கள். பின்னால் ஏசி சரியாக வரவில்லை, பிரின்டர் தூரமாக இருக்கிறது என்று புகார் வந்தால் அது நல்ல சேதிதான். அந்த இடத்தைத் தன் இடமாக எண்ணத் தொடங்கியவர்தான் அதைச் சரிசெய்யச் சொல்வார். ஏசிப் புகாரை அந்த வாரமே சரிசெய்து கொடுங்கள். ஆறாவது வாரக் கூட்டத்தை மறக்காமல் நடத்துங்கள். அந்த ஆறு வாரத்தில் திரும்பி வந்த சாம்பிள் கணக்கையும் அங்கே எடுத்து வையுங்கள். குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஹாலை எப்படி மாற்றலாம் என்று மூத்த மெர்ச்சண்டைசரிடமே கேளுங்கள்.