வெளிநாட்டில் மகன், நாகர்கோவிலில் வாடகை வீடு

குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாச் சம்பளத்தில் எழும்பிய வீடுகள் நிற்கின்றன. மகன் குடும்பத்தோடு துபாயில் இருப்பான், பெற்றோர் பழைய வீட்டிலேயே இருப்பார்கள், புது வீட்டை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த வாடகையை நம்பித்தான் அப்பாவின் மருந்துச் செலவும் மாதச் சீட்டும் ஓடும். இந்தக் கணக்கில் பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. வாடகை அப்பாவின் வங்கிக் கணக்கில் விழுந்தாலும், பத்திரம் மகன் பெயரில் இருந்தால் வரிச் சட்டத்துக்கு அது மகனின் வருமானம்தான்.

மகன் வரிக் கணக்கில் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விதிகள் மாறிவிடும். வீட்டுக்காரர் உள்ளூரில் இருந்தால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டாதவரை குடியிருக்கும் குடும்பம் வரி பிடிக்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அப்படி ஒரு வரம்பே கிடையாது. வாடகை 8,000 ஆனாலும் குடியிருப்பவர் 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, அதாவது 31.2 சதவீதம், பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும்.

மாதம் 20,000 ரூபாய் வாடகை வரும் ஒரு வீட்டை வைத்து 2025-26ஆம் ஆண்டுக்குப் பார்ப்போம். பிடித்தம் 6,240 போக கையில் வருவது 13,760. முழு இருபதாயிரத்தை நம்பிச் சீட்டுப் போட்ட பெற்றோருக்கு மாதாமாதம் துண்டு விழும். ஆண்டு முழுவதும் பிடிபடுவது 74,880 ரூபாய்.

உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? ஆண்டு வாடகை 2,40,000. அந்த ஆண்டிலேயே கட்டிய வீட்டு வரி 6,000 என்று வைத்தால் மீதி 2,34,000. இதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதத்தை, ஒரு ரசீதும் கேட்காமல், சட்டமே கழித்துத் தருகிறது. மிஞ்சுவது 1,63,800. இந்தியாவில் வேறு வருமானம் இல்லாத மகனுக்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி கிடையாது. ஆக, கட்ட வேண்டியது பூஜ்யம், பிடிபட்டதோ முக்கால் லட்சம்! கணக்குத் தாக்கல் செய்தால் முழுத் தொகையும் திரும்ப வரும். ஆனால் அது அடுத்த நிதியாண்டில்தான் வரும், சீட்டுக்காரர் அதுவரை பொறுக்க மாட்டார். (12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை உள்ளூரில் வசிப்போருக்கு மட்டுமே. மகனுக்கு இந்தியாவில் வட்டியோ வேறு வாடகையோ சேர்ந்து 4 லட்சத்தைத் தாண்டினால் வரி உண்டு.)

இந்த இடைவெளியை முன்கூட்டியே அடைக்க வழி இருக்கிறது. குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும், அல்லது பிடிக்கவே வேண்டாம் என்று சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் மகன் இணையம் வழியாகவே கேட்கலாம். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். குறிப்பிட்ட குடியிருப்பவரின் டான் எண்ணுக்கே கொடுக்கப்படுவதால், ஆள் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். ஆகவே ஏப்ரலிலேயே விண்ணப்பிப்பது நல்லது. சான்றிதழ் கைக்கு வரும்வரை முழுப் பிடித்தம்தான்.

சிக்கல் பெரும்பாலும் குடியிருப்பவர் பக்கம் வருகிறது. அப்பா கையெழுத்திட்டு ஒப்பந்தம் போடுவதால், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பது குடியிருப்பவருக்குத் தெரியாமலே போகலாம். பிடிக்காமல் விட்டால் அந்த வரியும் வட்டியும் அவர் தலையில் விழும். பத்திரம் யார் பெயரில், அவர் எங்கே வசிக்கிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது குடியிருப்பவருக்குச் செய்யும் நியாயம். அவர் டான் எண் வாங்கி, பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை விவரப் படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் படிவத்தை மறப்பதும் நடக்கும். மகனின் 26AS பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிடித்த தொகை அதில் ஏறவில்லை என்றால் திரும்பப் பெறுவதும் சிக்கலாகும்.

"மக்ளே, பேசாம வீட்டை என் பேருக்கே எழுதிரு" என்று சில அப்பாக்கள் சொல்வதுண்டு. தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டால் வீடு நிஜமாகவே அப்பாவுடையது. வாடகையும் அவர் கணக்கில் சேரும், பிடித்தத் தொல்லையும் போகும். மனைவி பெயருக்குத் தானமாக எழுதினால் அந்தப் பலன் கிடைக்காது, வாடகை கணவனின் வருமானமாகவே கொள்ளப்படும். ஆனால் அப்பாவுக்கு எழுதிய வீடு, அவர் உயில் எழுதாமல் காலமானால் மகனின் உடன்பிறந்தவர்களுக்கும் பங்காகிவிடும். கட்டியவனே பிறகு பாகம் கேட்டு நிற்க நேரலாம். பத்திரச் செலவைக் கணக்கிடுவதற்கு முன்னால், உயில் பற்றி அப்பாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் பேசி முடித்துவிட வேண்டும்.